விழாத இரண்டு குண்டூசிகள்

நீளமான பதிவு. ஆசிரிய நண்பர்களுக்காக எழுதுகிறேன். கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒரு நோட்டைத் தூக்கிக்கொண்டு என் திண்ணைக்கு வந்தது. ஏழாம் வகுப்பு. மின்காந்தம் பாடம். வகுப்பில் பெரிய திரையில் ஒரு வீடியோ போட்டுக் காட்டியிருக்கிறார்கள். ஆணியில் கம்பி சுற்றுகிறார்கள், பேட்டரியில் இணைக்கிறார்கள், குண்டூசிகள் ஒட்டுகின்றன, இணைப்பை எடுத்ததும் அத்தனையும் பொலபொலவென்று விழுகின்றன. பிள்ளை அதோடு விடவில்லை. வீட்டில் அப்பாவிடம் ஆணி, கம்பி, பேட்டரி கட்டை வாங்கி அதுவே செய்து பார்த்திருக்கிறது. பார்த்ததை நோட்டில் எழுதியிருக்கிறது: ஐம்பது சுற்று, ஏழு குண்டூசி ஒட்டியது, நிறுத்தியதும் ஐந்து விழுந்தது, இரண்டு விழவில்லை.

"இரண்டு விழவில்லை" என்பதன் கீழே சிவப்பு மையில் ஒரு கோடு. பக்கத்தில் பெருக்கல் குறி. அதற்கும் பக்கத்தில்: "எல்லாம் விழும். பார்த்து எழுது."

பிள்ளை என்னிடம் சொன்னது ஒரே வரிதான். "பாத்துத்தான் தாத்தா எழுதினேன்."

எந்தப் பள்ளி என்று யாரும் கேட்க வேண்டாம். பிள்ளை இன்னும் அங்கேதான் படிக்கிறது. அந்த ஆசிரியரைத் திட்டவும் இந்தப் பதிவு இல்லை. ஏனென்றால் அந்தச் சிவப்பு மையை நானும் போட்டிருக்கிறேன். அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்த இரண்டு குண்டூசிக்கு வருவோம்.

அன்றைக்கே திண்ணையில் உட்கார்ந்து அதே ஆணியை வைத்து மறுபடி செய்தோம். மூன்று அங்குல ஆணி. மோட்டார் வைண்டிங் கடையில் மிச்சமான 26 கேஜ் எனாமல் கம்பி. டார்ச்சுக்குப் போடும் பெரிய பேட்டரி கட்டை ஒன்று. இணைத்து மனசுக்குள் ஐந்து எண்ணினோம். எட்டு ஒட்டியது. எடுத்தோம். ஆறு விழுந்தது. இரண்டு தொங்கிக்கொண்டே இருந்தது. ஊதிப் பார்த்தோம், விழவில்லை. ஆணியைத் தரையில் லேசாகத் தட்டினோம், ஒன்று விழுந்தது. கடைசி ஒன்றைக் கையால்தான் எடுக்க வேண்டியிருந்தது.

பிள்ளை எழுதியது உண்மை. நோட்டில் திருத்தியதுதான் தப்பு.

ஏன் விழவில்லை? இரும்புக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத சிறு சிறு காந்தப் பகுதிகள் உண்டு. சும்மா இருக்கும் ஆணியில் அவை ஆளுக்கொரு திசை பார்த்துக் கிடக்கும். அதனால் மொத்தத்தில் காந்தம் தெரியாது. சுருளில் மின்சாரம் ஓடினால் அவை ஒரே திசைக்குத் திரும்புகின்றன. நிறுத்தியதும் பழையபடி கலைந்துவிட வேண்டும். முழு மெதுவான, கிட்டத்தட்டச் சுத்தமான இரும்பு என்றால் அநேகமாகக் கலைந்துவிடும். ஆனால் கடை ஆணி அப்படிப்பட்ட இரும்பு அல்ல. அதில் கொஞ்சம் கரி கலந்திருக்கிறது. அதைவிட முக்கியம், அதைக் குளிர்ந்த நிலையிலேயே கம்பியாக இழுத்து, குளிர்ந்த நிலையிலேயே தலையை அடித்துச் செய்கிறார்கள். அந்த அடியில் உள்ளே இறுகிப் போகிறது. திரும்பிய பகுதிகளில் கொஞ்சம் திரும்பியபடியே சிக்கிக்கொள்கின்றன. அந்த மிச்சக் காந்தம்தான் இரண்டு குண்டூசியைப் பிடித்துக்கொண்டிருந்தது.

மத்திய அரசுப் பாடத்திட்டத்தின் பழைய ஏழாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் இந்தச் சோதனை இருந்தது. மின்னோட்டத்தை நிறுத்தினால் சுருள் காந்தத்தை "பொதுவாக" இழந்துவிடும் என்ற பொருளில்தான் அதில் சொல்லியிருந்தார்கள். அந்த "பொதுவாக" என்ற ஒரு சொல்லை நோட்ஸ் போடுகிறவர்கள் தூக்கிப் போட்டுவிட்டார்கள். மிச்சம் இருந்தது ஒரு அட்டவணை. இடப்பக்கம் நிலையான காந்தம், வலப்பக்கம் மின்காந்தம், "வேறுபடுத்துக", இரண்டு மதிப்பெண். இந்தப் பிள்ளையின் ஆணி அந்தக் கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. வலப்பக்கம் தொடங்கி, கொஞ்சம் இடப்பக்கம் போய்விட்டது. நிலையான காந்தத்தைத் தொழிற்சாலையில் எப்படிச் செய்கிறார்கள் என்று நினைக்கிறீர்கள்? ஏற்ற உலோகத்தை வைத்து, சுற்றிலும் சுருளில் பெரிய மின்னோட்டத்தை ஒரு கணம் விடுகிறார்கள். இந்தப் பிள்ளை திண்ணையில் செய்ததும் அதுதான், பலவீனமாக. இரண்டு பாடத்தையும் இணைக்கும் இடமே அந்த விழாத குண்டூசிதான். அதைத்தான் அடித்துவிட்டார்கள்.

இப்போது என் கதை.

நான் கடற்கரையோரத்து நடுநிலைப் பள்ளி ஒன்றில் வேலை பார்த்த காலம். மேசைக்கு முன்னே நாற்பது பிள்ளைகள். நான் இணைப்பை எடுக்கும்போது ஆணியை மேசை விளிம்பில் ஒரு தட்டு தட்டுவேன். பெரிய தட்டு இல்லை, எதேச்சையாகப் பட்டது போல. எல்லா ஊசியும் விழுந்துவிடும். பிள்ளைகள் கை தட்டுவார்கள். வருடக்கணக்கில் இப்படித்தான் நடத்தினேன். இது ஏமாற்று என்று எனக்குத் தோன்றவே இல்லை. பாடம் தெளிவாகப் போக வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

ஒரு வருடம் முன் பெஞ்சில் இருந்த ஒரு பிள்ளை எழுந்து நின்றது. தகப்பன் வள்ளத்தில் கடலுக்குப் போகிறவர். "ஸார், நீங்க தட்டுனீய. நான் பாத்தேன். தட்டாம எடுங்க ஸார்."

தட்டாமல் எடுத்தேன். மூன்று ஊசி தொங்கியது. வகுப்பு முழுக்கச் சிரிப்பு. எனக்கு முகம் சுருங்கிவிட்டது. "ஆணி சரியில்லை" என்று சொல்லிப் பாடத்தை முடித்துக்கொண்டு வந்துவிட்டேன். அந்தப் பிள்ளையிடம் "நீ பார்த்தது சரி" என்று அன்றைக்குச் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்துத்தான் சொன்னேன். அந்த இரண்டு நாளும் எனக்குத் தூக்கம் சரியில்லை.

அதற்குப் பிறகுதான் இந்தப் பாடத்தை ஒழுங்காக நடத்தக் கற்றுக்கொண்டேன். எப்படி என்று விவரமாகச் சொல்கிறேன், செய்து பாருங்கள்.

முதலில் கம்பி. இந்தச் சோதனை "வேலை செய்யவில்லை" என்று கைவிடப்படுவதற்குப் பத்தில் எட்டுத் தடவை காரணம் கம்பியின் மேல் பூச்சுதான். வைண்டிங் கம்பி தாமிர நிறத்திலேயே மினுங்கும். அதன் மேல் கண்ணாடி போல எனாமல் இருப்பது பார்த்தால் தெரியாது. இரண்டு முனையிலும் கட்டைவிரல் நீளத்துக்கு உப்புத்தாள் போட்டு, சுற்றிச் சுற்றி எல்லாப் பக்கமும் தேய்க்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் சுரண்டினால் போதாது. தேய்த்த இடம் வெளிறி, இளஞ்சிவப்பாகத் தெரியும். சந்தேகம் என்றால் அந்தக் கம்பி வழியாக ஒரு டார்ச் பல்பை எரித்துப் பாருங்கள். எரிந்தால் சரி. பூச்சே இல்லாத வெறும் கம்பி வாங்கி நெருக்கிச் சுற்றினால் வேறு தொல்லை. மின்சாரம் சுற்றிச் சுற்றி வராமல் ஒரு சுற்றிலிருந்து அடுத்த சுற்றுக்குக் குறுக்கே தாவிவிடும், ஆணி வழியாகவும் போய்விடும். கம்பி சுடும், ஊசி ஒட்டாது.

இதில் ஒரு சங்கதி. இங்கிலாந்தில் வில்லியம் ஸ்டர்ஜன் என்று ஒருவர், செருப்புத் தைப்பவரின் மகன், பட்டாளத்தில் இருந்தவர். 1824-25இல் லாட வடிவ இரும்பில் கம்பி சுற்றி முதல் மின்காந்தத்தைச் செய்தார். அவரிடம் இருந்தது வெறும் கம்பி. அதனால் கம்பிக்குப் பதில் இரும்புக்கு வார்னிஷ் பூசினார், ஒரு சுற்று இன்னொன்றைத் தொடாதபடி இடைவெளி விட்டுச் சுற்றினார். மொத்தம் 18 சுற்றுதான். ஏறத்தாழ 200 கிராம் இரும்பு 4 கிலோவைத் தூக்கியது. அமெரிக்காவில் ஆல்பனி என்ற ஊரில் பள்ளி ஆசிரியராக இருந்த ஜோசப் ஹென்றிதான் கம்பிக்கே உறை போட்டு, நெருக்கமாகப் பல அடுக்கு சுற்றலாம் என்று காட்டியவர். 1831இல் அவர் செய்தது 900 கிலோவுக்கு மேல் தூக்கியது. நம் பிள்ளைகள் உப்புத்தாளால் தேய்த்து எடுக்கும் பூச்சின் வரலாறு இவ்வளவுதான்.

அடுத்து ஆணி. சுற்றுவதற்கு முன்னால் ஒரு காந்தத்தை அதன் பக்கத்தில் கொண்டுபோய்ப் பாருங்கள். எவர்சில்வர் ஆணி சிலது ஒட்டாது, அதை வைத்துச் சுற்றி நேரத்தைப் போக்க வேண்டாம். வள்ளம் கட்டும் இடத்தில் கிடைக்கும் துத்தநாகம் பூசிய ஆணி தாராளமாகப் போதும், உள்ளே இரும்புதான். உப்புக் காற்றில் துரு ஏறிய ஆணியும் வேலை செய்யும்.

பேட்டரியை இணைக்கும் முன்பே ஆணியைக் குண்டூசிக் குவியலில் வைத்து எடுக்கச் சொல்லுங்கள். ஒன்றும் ஒட்டக் கூடாது. நோட்டில் "0" என்று எழுதட்டும். போன வருடம் பயன்படுத்திய ஆணி என்றால் இப்போதே ஓர் ஊசி ஒட்டும். இந்தப் பூஜ்யத்தை எழுதாமல் தொடங்கினால் கடைசியில் ஒட்டியிருக்கும் ஊசி இன்றைய காந்தமா பழைய காந்தமா என்று யாராலும் சொல்ல முடியாது.

சுற்றுகளை 25, 50, 100 என்று வையுங்கள். எல்லாம் ஒரே திசையில் சுற்ற வேண்டும். பாதி இப்படி, பாதி அப்படிச் சுற்றினால் ஒன்றை ஒன்று அழித்துவிடும். என் வகுப்பில் ஒருமுறை 25க்கு நான்கு, 50க்கு எட்டு, 100க்குப் பதிமூன்று ஊசி வந்தது. சுற்று இரட்டிக்கும்போது ஊசி எப்போதும் இரட்டிப்பாகாது. கம்பி நீள நீள மின்னோட்டம் குறைகிறது, பேட்டரியும் களைக்கிறது. பேட்டரி களைத்ததைக் கண்டுபிடிக்க எளிய வழி, கடைசியில் மறுபடி 25 சுற்று வைத்து எண்ணுவது. எங்களுக்கு நான்குக்குப் பதில் மூன்றுதான் வந்தது. "ஸார், பேட்டரி செத்துட்டு" என்று ஒருவன் சொன்னான். சாகவில்லை, பத்து நிமிடம் சும்மா வைத்தோம், மறுபடி நான்கு வந்தது. ஒரு தடவைக்கு ஐந்து எண்ணுவதற்கு மேல் இணைத்து வைக்கக் கூடாது. அந்தக் கம்பியின் தடை மிகக் குறைவு. ஏறக்குறைய பேட்டரியின் இரண்டு முனையையும் நேரடியாகச் சேர்ப்பது போலத்தான். விரல் சுடும், பேட்டரி ஒரே நாளில் தீர்ந்துவிடும். பழைய செல்போன் பேட்டரியை மட்டும் கிட்டேயே கொண்டு வர விடாதீர்கள், அது தீப்பிடிக்கும். சுவர் பிளக்கைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், ஆனாலும் முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடுங்கள்.

இனி விழாத ஊசி. இதற்கு ஒவ்வொரு தடவையும் புது ஊசிகளை எடுங்கள். ஒட்டி எடுத்த குண்டூசியே கொஞ்சம் காந்தமாகியிருக்கும். அது ஆணியைப் பிடித்ததா, ஆணி அதைப் பிடித்ததா என்று குழப்பம் வரும். தட்டாமல், ஆட்டாமல் இணைப்பை எடுத்து, மிச்சத்தை எண்ணச் சொல்லுங்கள்.

அந்தப் பிள்ளை என்னைப் பிடித்த பிறகு நாங்கள் செய்த வேலை இது. மூன்று ஊசி தொங்கிய அதே ஆணி. கம்பியைக் கழற்றிவிட்டு, கொல்லுப்பட்டறையில் கொடுத்து, நன்றாகச் சிவக்கும் வரை உலையில் வைத்து, அப்படியே சாம்பலுக்குள் புதைத்து இரவு முழுக்க ஆறவிட்டோம். மறுநாள் அதே 50 சுற்று. மின்சாரம் ஓடும்போது ஒட்டிய எண்ணிக்கை பெரிதாக மாறவில்லை, ஒன்று கூடியது. நிறுத்தியதும் ஒன்றைத் தவிர எல்லாம் தானாக விழுந்தது. அந்த ஒன்றும் ஊதியதும் விழுந்தது. இன்னொரு ஆணியைப் பையன்கள் அவசரப்பட்டு, சிவந்ததும் தண்ணீரில் போட்டுவிட்டார்கள். அதில் பழையபடி இரண்டு ஊசி தொங்கியது. மெதுவாக ஆறினால்தான் உள்ளே இறுக்கம் தளரும் என்பதை நான் சொல்லித் தரவில்லை, அந்தத் தண்ணீர் ஆணி சொல்லித் தந்தது.

இதை எல்லாம் "சின்னப் பிள்ளைகளுக்கு எதற்கு?" என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. குழம்பிவிடுவார்களாம். தூத்துக்குடிப் பிள்ளையிடம் போய்ச் சொல்லுங்கள் இதை. தோணியில் கொழும்புக்குப் போன தாத்தாக்களின் பேரப்பிள்ளைகள் இவர்கள். காம்பஸ் பக்கத்தில் இரும்பை வைக்காதே என்று வீட்டில் கேட்டு வளர்ந்தவர்கள். இரும்பு ஒன்று தன் காந்தத்தை விடாமல் வைத்துக்கொண்டு ஊசியைத் திருப்பிவிடும் என்பது இவர்களுக்குப் புதிய செய்தியே இல்லை. பேட்டரியை மாற்றிப் போட்டு, ஆணியின் நுனியைக் காம்பஸ் கிட்டே கொண்டு போகச் சொல்லுங்கள். முன்பு இழுத்த முனையை இப்போது தள்ளும். முள் சுற்றி வருவதைப் பார்த்து ஒரு பையன், "ஸார், வடக்கு மாறிட்டு" என்று கத்தினான். அந்த வகுப்பில் யாரும் குழம்பவில்லை.

பெரிய வேலைகளிலும் இந்த விழாத ஊசியோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள். பழைய இரும்பு அள்ளும் கிரேனில் தொங்கும் வட்ட மின்காந்தத்தைப் பார்த்திருப்பீர்கள். மின்சாரத்தை நிறுத்தினால் மட்டும் சிறு துண்டுகள் சட்டென்று விழுவதில்லை. அதனால் இறக்கும்போது ஒரு நொடி மின்னோட்டத்தை எதிர்த் திசையில் விட்டு மிச்சக் காந்தத்தை அழிக்கிறார்கள், அதற்கென்றே கட்டுப்பாட்டுப் பெட்டியில் ஏற்பாடு இருக்கிறது. ரிலே என்ற சின்ன மின்காந்தச் சுவிட்சில், இரும்பு நாக்கு காந்தத்தோடு முழுசாக ஒட்டிவிடாமல் இருக்க நடுவே பித்தளைத் துண்டு வைக்கிறார்கள். இந்த ஊரில் படித்து நாளைக்குத் துறைமுகத்துக்கோ அனல்மின் நிலையத்துக்கோ வேலைக்குப் போகும் பிள்ளை, நாக்கு ஒட்டிக்கொண்ட ரிலேயைக் கழற்றும்போது "எல்லாம் விழும்" என்று எழுதிய நோட்டு அதற்கு என்ன உதவி செய்யும்?

நேரம் இல்லை என்பது மட்டும் நியாயமான வாதம். ஒத்துக்கொள்கிறேன். நாற்பது நிமிடத்தில் நாற்பது பேருக்கு இது முடியாது. இரண்டு பாடவேளை வேண்டும். ஐந்து பேருக்கு ஓர் ஆணி என்றால் எட்டு ஆணி, எட்டு பேட்டரி. பாடத்திட்டத்தை முடிக்கச் சொல்லி மேலிருந்து நெருக்குவதும் எனக்குத் தெரியும். முடியாதென்றால் வீடியோவையே போடுங்கள், அதைக்கூட நான் குறை சொல்லவில்லை. ஆனால் வீட்டில் போய்ச் செய்து பார்த்து வந்த பிள்ளையின் எண்ணிக்கை மேல் சிவப்பு மை போடாதீர்கள். அதற்கு ஒரு நிமிடமும் செலவில்லை. "உன் ஆணியைக் கொண்டு வா, பார்ப்போம்" என்று எழுதினால் போதும்.

தேர்வில் என்ன எழுதுவது என்று அந்தப் பிள்ளையின் அம்மா கேட்டார். மின்னோட்டம் நின்றதும் காந்தத் தன்மையின் பெரும்பகுதி போய்விடும், தேனிரும்பு என்றால் ஏறத்தாழ முழுவதும் போய்விடும் என்று எழுதச் சொன்னேன். இதற்கு மதிப்பெண் குறைத்தால் என்னிடம் அனுப்புங்கள், நான் வந்து பேசுகிறேன் என்றும் சொல்லியிருக்கிறேன்.

ஆணி இப்போது அவர்கள் வீட்டு விறகடுப்புச் சாம்பலில் கிடக்கிறது. அடுப்புச் சூட்டில் கொல்லுலை அளவுக்குச் சிவந்திருக்காது, பாதிப் பலன்தான் கிடைக்கும் என்று நினைக்கிறேன். நாளைக் காலை எண்ணிவிட்டுப் பிள்ளையையே கருத்துப் பகுதியில் எழுதச் சொல்கிறேன். வைண்டிங் கம்பி என்னிடம் அரைச் சுருள் மிச்சம் இருக்கிறது. தூத்துக்குடியில் உள்ள ஆசிரியர்கள் யாருக்காவது வேண்டுமென்றால் மாலை ஐந்து மணிக்கு மேல் வீட்டுக்கு வாருங்கள். உப்புத்தாள் நீங்களே கொண்டு வந்துவிடுங்கள், என்னுடையது தேய்ந்துவிட்டது.